ஐயம், அவா, அச்சம்: அறபு வினையின் நஸ்பு
(கல்முனையில் நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒருவன் ஒன்றைச் சந்தேகிக்கும்போதும், விரும்பும்போதும், அஞ்சும்போதும் அவன் வாயிலிருந்து வரும் வினைச்சொல் தன் சாதாரண உருவத்தை விட்டு வேறோர் உருவம் கொள்ளும் வழக்கம் உலகத்துப் பாஷைகள் பலவற்றில் உண்டு. பிரெஞ்சு, ஸ்பானிஷ் முதலியவற்றைக் கற்பிக்கும் நூல்கள் இன்னின்ன வினைகளின் பின் இவ்வுருவம் வரும், இன்னின்னவை விலக்கு என்று நெடிய அட்டவணைகளைத் தந்து மாணாக்கரை மனனம் செய்யச் சொல்கின்றன. நம் கரையோர ஊர்களின் பிள்ளைகளோ, மருதமுனையிலிருந்து பொத்துவில் வரையில், இதே விஷயத்தை அறபு மொழியின் வாயிலாகச் சந்திக்கிறார்கள். ஹிஜ்ரி 723இல் மறைந்த, பாஸ் நகரத்து இப்னு ஆஜுர்ரூம் எழுதிய ‘ஆஜுர்ரூமிய்யா’ என்னும் சிறு நூலை ஓதியவர், ‘நஸ்பு செய்யும் சொற்கள் பத்து’ என்ற பாடத்தை மறந்திருக்கமாட்டார். அப்பத்தில் முதலாவதாக நிற்கும் ‘அன்’ என்ற ஒரே சொல்லைப் பற்றியே இன்று பெரும்பாலும் பேச விரும்புகிறேன். ஏனெனில் ஐயமும் அவாவும் அச்சமும் அறபு வினையைத் தொடுவது பெரும்பாலும் இந்த ‘அன்’ என்னும் வாயிலின் வழியாகத்தான்.

அறபில் நிகழ்காலத்தையும் எதிர்காலத்தையும் ஒருங்கே குறிக்கும் வினைக்கு முளாரிஉ என்று பெயர். அதன் இயல்பான நிலை ரஃப்உ. அப்போது அதன் இறுதி எழுத்து ளம்மா பெற்று ‘யக்துபு’ என்று ஒலிக்கும். நஸ்பு நிலையில் அவ்விறுதி ஃபத்ஹாவாகி ‘யக்துப’ என்றாகும். பன்மையில் மாற்றம் இன்னும் வெளிப்படையானது: ‘யக்துபூன’ என்பதன் இறுதி நூன் விழுந்து ‘யக்துபூ’ என நிற்கும். உயிர்க்குறியில்லாமல் அச்சிட்ட புத்தகத்தில் முதல் வகை வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. நூன் இருப்பதும் இல்லாததுமோ எவர் கண்ணுக்கும் தெரியும். ஆகையால் எழுதியவர் நஸ்பாக எண்ணினாரா, ரஃப்உவாக எண்ணினாரா என்று தீர்மானிக்க வேண்டிய இடங்களில், அருகே பன்மை வினை ஏதேனும் வருகிறதா என்று முதலில் தேடிப் பார்ப்பது நல்லது.

எல்லோரும் அறிந்த ஓர் இடத்திலிருந்து தொடங்குவோம். யூஸுஃப் அத்தியாயத்தின் 13ஆம் வசனத்தில், பிள்ளைகள் தம்பியைத் தங்களோடு அனுப்புமாறு கேட்டபோது, யஃகூப் நபியவர்கள் மறுமொழியாக இரண்டு விஷயங்களைச் சொல்கிறார்கள்: அவனை நீங்கள் கொண்டுபோவது எனக்குத் துக்கம் தருகிறது என்பது ஒன்று, அவனை ஓநாய் தின்றுவிடுமோ என்று அஞ்சுகிறேன் என்பது மற்றொன்று. முதலாவது துக்கம், இரண்டாவது அச்சம். இரண்டின் பின்னும் ‘அன்’ வருகிறது, இரண்டிடத்தும் வினை நஸ்பு பெறுகிறது. கொண்டுபோதலைச் சொல்லும் வினை நூனை இழந்து ‘தத்ஹபூ’ என நிற்கிறது; தின்னுதலைச் சொல்லும் வினையின் லாம் ஃபத்ஹா பெற்று ‘யஃகுலஹு’ என்றாகிறது. இன்னும் கவனியுங்கள்: அந்தப் பேச்சு நிகழும் நேரத்தில் பிள்ளைகள் புறப்படவில்லை, ஓநாயும் வரவில்லை. தகப்பனின் உள்ளத்தில் மட்டுமே உருவங்கொண்ட, வெளியுலகில் இன்னும் நிகழாத காரியங்கள் அவை. நஸ்புக்கு இடம் தருவது உணர்ச்சியின் வேகமன்று, நிகழாமையே என்பது என் அபிப்பிராயம். இலக்கண வித்வான்களும் ‘அன்’ என்பது வினையை எதிர்காலத்துக்கு ஒதுக்கிவிடும் சொல் என்றே விளக்குவர்.

நம் மத்ரஸாக்களில் வழிவழியாக வரும் தமிழ்ப் பொருள்கூறல், இந்த ‘அன்’னையும் வினையையும் சேர்த்து ஒரு தொழிற்பெயராகச் சொல்லிக்கொடுக்கிறது. ‘உரீது அன் அத்ஹப’ என்பதற்கு ‘நான் போவதை நாடுகிறேன்’ என்று பொருள் சொல்வார்கள். தமிழ்க் காதுக்குச் சற்று விறைப்பாகத் தோன்றினும், இது அறபு இலக்கணத்தின் உள்ளமைப்பை நேர்த்தியாகக் காட்டுகிறது. ‘அன்’னும் அதன் வினையும் சேர்ந்து ஒரு பெயருக்குரிய ஸ்தானத்தில் நிற்கின்றன என்பதுதானே அங்குள்ள விதி! நாடுதல், விரும்புதல், ஆசைகொள்ளுதல், வெறுத்தல், அஞ்சுதல் ஆகிய எல்லாவற்றுக்கும் இந்தப் பொருள்கூறல் ஒத்துவரும். அஷ்ஷுஅரா அத்தியாயத்தின் 82ஆம் வசனத்தில் இப்றாஹீம் நபியவர்கள் தம் பிழையை இறைவன் மன்னிப்பதை ஆசிக்கிறார்கள். அங்கே மன்னித்தலைச் சொல்லும் வினை ‘யஃக்ஃபிர’ என்று நஸ்பாகவே வருகிறது.

இனி விலக்குகளுக்கு வருவோம். அறிதல், காணுதல், உறுதிகொள்ளுதல் ஆகிய பொருளுடைய வினைகளின் பின்னும் ‘அன்’ என்றே காதுக்கும் கண்ணுக்கும் படும் ஒரு சொல் வருகிறது. ஆனால் அது வேறு ‘அன்’. ‘நிச்சயமாக’ என்று நம் மொழிபெயர்ப்பாளர்கள் ஓயாது தமிழாக்கும் ‘அன்ன’ என்ற சொல், இரட்டித்த நூனில் ஒன்றை இழந்து இலேசாக்கப்பட்ட உருவம் அது. அதன் பின் வரும் வினைக்கு நஸ்பு இல்லை, ரஃப்உதான். முஸ்ஸம்மில் அத்தியாயத்தின் 20ஆம் வசனத்தில், உங்களில் நோயாளிகளும் இருப்பார்கள் என்பதை இறைவன் அறிந்திருக்கிறான் என்ற இடத்தில் வினை ‘ஸயகூனு’ என்று ளம்மாவோடு நிற்பதைப் பார்க்கலாம். எதிர்காலம்தான், எனினும் அறிந்தவனின் அறிவில் அது உறுதிப்பட்ட காரியம். வினையின் முன்னால் ஒட்டியிருக்கும் ‘ஸ’ என்ற எழுத்தே இது எந்த ‘அன்’ என்பதற்கு அடையாளமாகிவிடுகிறது. நஸ்பு செய்யும் ‘அன்’னுக்கும் அதன் வினைக்கும் இடையில் ‘ஸ’ ஒருபோதும் நுழையாது. இலேசாக்கப்பட்ட ‘அன்’னோ, வினை பின்தொடரும்போது, பெரும்பாலும் இப்படி ஓர் இடையீட்டை வேண்டி நிற்கும்.

இடையீடாக வரக்கூடிய சொற்களுள் ‘லா’ என்ற எதிர்மறை மட்டும் இருபுறமும் நட்புடையது. அது நஸ்பு செய்யும் ‘அன்’னுக்குப் பின்னும் வரும்; இலேசான ‘அன்’னுக்குப் பின்னும் வரும். தாஹா அத்தியாயத்தின் 89ஆம் வசனத்தில், தாங்கள் வணங்கிய காளைக்கன்று தங்களுக்கு மறுமொழி தருவதில்லை என்பதை அவர்கள் காணவில்லையா என்று கேட்கப்படுகிறது. அங்கே காணுதல் என்பது அறிதல். ஆகவே ‘லா’ இடையில் நின்றும் வினை ‘யர்ஜிஉ’ என்று ளம்மாவோடு வருகிறது. எழுத்தை மட்டும் பார்த்து ஓதுபவன் நஸ்பு என்று ஏமாந்துபோகக்கூடிய இடம் இது. ஏமாறாதிருக்க, ‘அன்’னுக்கு முன்னால் நிற்கும் வினை அறிவா, ஆசையா என்று பின்னோக்கிப் பார்க்கவேண்டும்.

அறிவுமன்று, ஆசையுமன்று, இடையில் நிற்கும் எண்ணம் என்றால் என்ன செய்வது? இந்தச் சொற்பொழிவின் கடினமான பகுதி இதுவே. எனக்கு மிகவும் பிரியமான பகுதியும் இதுவே. ‘ளன்ன’, ‘ஹஸிப’ போன்ற எண்ண வினைகளுக்கு அறபு இலக்கணம் இரண்டு வழியையும் திறந்துவிட்டிருக்கிறது. ஹிஜ்ரி 672இல் மறைந்த இப்னு மாலிக், ஆயிரம் அடிகள் கொண்டதென்று பெயர்பெற்ற ‘அல்ஃபிய்யா’வில், அறிவின் பின் நஸ்பு இல்லை என்று விலக்கிவிட்டு, எண்ணத்தின் பின் நஸ்பும் கொள்ளலாம், ரஃப்உவும் சரியே என்று விதித்தார். இது வெறும் ஏட்டு விதியன்று. மாயிதா அத்தியாயத்தின் 71ஆம் வசனத்தில், தமக்கு எந்தச் சோதனையும் நேராது என்று இஸ்ரவேலர் எண்ணிக்கொண்டதாக வரும் இடத்தில், ஏழு காரீகளும் இரண்டு அணியாகப் பிரிந்து ஓதியிருக்கிறார்கள். மதீனாவின் நாஃபிஉ, மக்காவின் இப்னு கதீர், டமாஸ்கஸின் இப்னு ஆமிர், கூஃபாவின் ஆஸிம் ஆகிய நால்வரும் ‘தகூன’ என்று நஸ்பாக ஓதினர். பஸராவின் அபூ அம்ர், கூஃபாவின் ஹம்ஸா, கிஸாயீ ஆகிய மூவரும் ‘தகூனு’ என்று ரஃப்உவாக ஓதினர். நம் வீடுகளிலுள்ள முஸ்ஹஃபுகள் ஆஸிமிடமிருந்து ஹஃப்ஸ் அறிவித்த ஓதலைத் தழுவியவை. ஆதலால் நமக்குப் பழகியது ‘தகூன’.

பொருளில் வித்தியாசம் உண்டா என்றால், உண்டு. நஸ்பாக ஓதினால் அவர்கள் எண்ணம் எண்ணமாகவே, நிலைபெறாத ஊகமாகவே நிற்கிறது: நேராதென்று நினைத்தார்கள், அவ்வளவுதான். ரஃப்உவாக ஓதினால் அந்த ஊகம் அவர்கள் நெஞ்சில் இறுகி அறிவின் ஸ்தானத்தை அடைந்துவிட்டது: நேரவே நேராதென்று உறுதிகொண்டுவிட்டார்கள். ஒரு ஜனக்கூட்டத்தின் அசட்டை எந்த அளவினதென்ற கேள்விக்கு, ஓர் எழுத்தின் மேல் நிற்கும் ஒரு சிறு குறி இரண்டு விடைகளை வைத்திருக்கிறது.

இரு வழியும் திறந்திருக்கிறதென்றால் எந்த எண்ண வினையிலும் விரும்பியபடி ஓதலாம் என்று கொள்ளக்கூடாது. மாயிதாவில் வழி பிரிந்ததற்குக் காரணம், சற்றுமுன் சொன்ன அந்த ‘லா’ இடையில் நிற்பதே. அன்கபூத் அத்தியாயத்தின் 2ஆம் வசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: சோதிக்கப்படாமல் விட்டுவிடப்படுவார்கள் என்று மனிதர்கள் எண்ணிக்கொண்டார்களா என்ற வினா. அங்கும் அதே ‘ஹஸிப’தான், ஆனால் ‘அன்’னுக்கும் வினைக்கும் இடையில் எதுவும் இல்லை. ஆகவே காரீகள் எல்லோரும் ஒருமுகமாக நூனை விழுத்தி ‘யுத்ரகூ’ என்றே ஓதினர். எண்ண வினை, இடையீடு இல்லை என்றால் நஸ்பு. எண்ண வினை, இடையில் ‘லா’ உண்டென்றால் இரண்டும். இதை நினைவில் வைத்தவர்க்கு இந்தப் பாடத்தில் பாதி முடிந்தது.

ஸ்பானிஷ் மொழியில் இக்கோடு வேறிடத்தில் விழுகிறது. அம்மொழியில் ‘வருகிறான் என்று நம்புகிறேன்’ என்பதற்கு, ‘கிரேயோ கே வியேனே’ என்று வினையைச் சாதாரண உருவில் சொல்லவேண்டும். ‘நம்பவில்லை’ என்று மறுத்த மாத்திரத்தில் ‘வேங்கா’ என்று உருவம் மாறிவிடும். ‘சந்தேகிக்கிறேன்’ என்பதன் பின்னும் ‘வேங்கா’தான். மறுப்பே அங்கு திறவுகோல். அறபிலோ எண்ணத்தை மறுப்பதால் புதிதாக எதுவும் நேர்வதில்லை. கஹ்ஃபு அத்தியாயத்தின் 35ஆம் வசனத்தில், தோட்டக்காரன் தன் தோட்டம் ஒருநாளும் அழியுமென்று தான் எண்ணவில்லை என்கிறான். அங்கும் வினை நஸ்பு. அவன் மறுத்ததனால் அன்று. எண்ணமும் இடையீடின்மையும் சேர்ந்ததனால். பிரெஞ்சு மொழியில் இன்னொரு விசித்திரம்: விரும்புதலும் அஞ்சுதலும் வினையுருவை மாற்றுமாம், நம்பி எதிர்பார்த்தலோ மாற்றாதாம்; பக்கத்து வீடான ஸ்பானிஷில் அந்த எதிர்பார்த்தலும் மாற்றும். காரணம் கேட்டால் வழக்கு என்பார்கள். அறபின் விதிகளுக்கோ காரணம் கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைக்கிறது.

தமிழ் இதில் எங்கே நிற்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். ‘வருவதை விரும்புகிறேன்’, ‘வருவான் என்று அறிவேன்’ என்று நாம் இயல்பாகவே இரண்டு அமைப்புகளைக் கையாளுகிறோம். முன்னது வருமிடத்தில் நஸ்பு, பின்னது வருமிடத்தில் ரஃப்உ என்று ஒரு குறுக்கு வழியை ஆசிரியர்கள் சிலர் சொல்லிக்கொடுப்பதும் உண்டு. ஆசைக்கும் அறிவுக்கும் அது பயன்படும், அச்சத்தில் கைவிட்டுவிடும். ‘கடலுக்குப் போன மகன் வராமப் போயிருவானோ எண்டு பயமாக் கிடக்கு’ என்று நம் ஊர்த் தாய் சொல்லும்போது ‘எண்டு’ வந்துவிடுகிறது. குறுக்கு வழியை நம்பியவன் ரஃப்உ என்பான், அறபில் நஸ்பே சரி. அந்த ‘எண்டு’வுக்கு முன்னால் நிற்கும் ‘ஓ’வைக் கவனித்தவன் தப்பித்துக்கொள்வான்.

அச்சம் என்றால் எப்பொழுதும் நஸ்புதானா? இங்கேயும் ஒரு விலக்கு உண்டு. காதிஸிய்யாப் போரில் பெயர்பெற்ற அபூ மிஹ்ஜன் அத்தகஃபீ என்ற கவிஞர், மதுவைக் குறித்துப் பாடிய பிரசித்தமான ஒரு பாட்டில், இறந்தபின் அதைச் சுவைக்கமாட்டேனே என்று அஞ்சுகிறார். ‘அன்’ உண்டு, ‘லா’ உண்டு, அச்ச வினையும் உண்டு. ஆயினும் சுவைத்தலைச் சொல்லும் வினை ‘அதூக்குஹா’ என்று ளம்மாவோடு நிற்கிறது. எதுகையின் நிர்ப்பந்தம் என்று எவரும் சொல்லிவிடலாம். இலக்கண வித்வான்கள் அவ்வளவில் விடாமல், இறந்தவன் மது அருந்தமாட்டான் என்பது சந்தேகத்துக்குரிய காரியமா என்று கேட்டார்கள். நடக்கும் என்று உறுதியாகத் தெரிந்ததற்கு அஞ்சும் அச்சம் அறிவின் இனம். எனவே அங்குள்ளது இலேசான ‘அன்’, ரஃப்உ நியாயமே என்றார்கள். யஃகூப் நபியவர்களின் அச்சத்தையும் இந்தக் கவிஞரின் அச்சத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள்; ஓநாய் வரலாம், வராமலும் போகலாம், மரணத்தின் பின் மதுக்கிண்ணம் வரவே வராது.

இதே நியாயம் ஆச்சரியத்துக்கும் மகிழ்ச்சிக்கும் பொருந்தும். ‘நீ வருவது எனக்கு மகிழ்ச்சி’ என்று வரப்போவதைச் சொன்னால், ‘யஸுர்ருனீ’ என்பதன் பின் ‘அன்’னும் நஸ்பும் வரும். வந்து முடிந்துவிட்டதென்றால் ‘அன்’னுக்குப் பின் இறந்தகால வினையாகிய மாளீ வந்துவிடும், மாளீக்கு நஸ்பின் குறி கிடையாது. காஃப் அத்தியாயத்தின் 2ஆம் வசனத்தில், தங்களுக்குள்ளிருந்தே ஓர் எச்சரிப்பவர் வந்துவிட்டதைக் குறித்து அவர்கள் ஆச்சரியப்பட்டார்கள் என்றிருப்பது இவ்வகை. பிரெஞ்சுக்காரரோ, வந்து முடிந்த நண்பனைக் கண்டு மகிழும்போதும் வினையின் உருவத்தை மாற்றத்தான் வேண்டும்; அங்கே உணர்ச்சி என்ற பெயரே போதும், காரியம் நடந்ததா இல்லையா என்ற கேள்வி எழுவதில்லை.

ஆசையைச் சொல்லும் வாக்கியங்கள் எல்லாவற்றுக்கும் நஸ்பு உண்டென்று நினைப்பது, மாணவர்களிடம் நான் அதிகமாகக் காணும் பிழை. ‘வத்த’ என்றால் விரும்பினான். அல்பகரா 266ஆம் வசனத்தில் அதன் பின் ‘அன்’ வருகிறது. வினை ‘தகூன’ என்று நஸ்பு. அதே அத்தியாயத்தின் 96ஆம் வசனத்தில், ஆயிரம் ஆண்டு வாழ விரும்பும் ஒருவனைப் பற்றிப் பேசுமிடத்தில், அதே வினையின் பின் ‘லவ்’ வருகிறது. வினை ‘யுஅம்மரு’ என்று ரஃப்உவாகிவிடுகிறது. கலம் அத்தியாயத்தின் 9ஆம் வசனத்தில் இன்னும் தெளிவு: நீர் வளைந்து கொடுத்தால் தாங்களும் வளைந்து கொடுக்கலாமென்று அவர்கள் விரும்பினார்கள் என்ற இடத்தில், பன்மை வினை ‘யுத்ஹினூன’ என்று நூனை இழக்காமல் முழுமையாக நிற்கிறது. விருப்பம் ஒன்றே, நஸ்பு செய்வது விருப்பமன்று, ‘அன்’ என்பதற்கு இதைவிடச் சிறந்த பிரமாணம் வேண்டியதில்லை. ஏக்கத்தைச் சொல்லும் ‘லைத’வும், எதிர்பார்ப்பைச் சொல்லும் ‘லஅல்ல’வும் இப்படியே, அவை பின்வரும் பெயருக்கு நஸ்பு தரும், அப்பால் நிற்கும் வினையை ரஃப்உவிலேயே விட்டுவிடும். அன்ஆம் 27ஆம் வசனத்தில், நாங்கள் திருப்பி அனுப்பப்படலாகாதா என்ற ஏக்கத்தில் ‘நுரத்து’ என்று ளம்மா இருப்பதைக் காண்க.

வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துத் திரும்பிய நம் சகோதரர்கள் பேச்சறபில் கெட்டிக்காரர்கள். அவர்களிடம் இந்தப் பாடத்தைச் சோதித்துப் பார்க்க முயலவேண்டாம். அங்குள்ள பேச்சில் ‘அன்’னே பெரும்பாலும் வருவதில்லை, ‘அவர்கள் போக விரும்புகிறார்கள்’ என்பதற்கு ‘யபூன் யிரூஹூன்’ என்று இரண்டு வினைகளையும் நூனோடு அடுக்கிவிடுவார்கள். அது அவர்கள் பிழையன்று. அந்தப் பேச்சின் வழக்கு அது. எழுத்தறபை எழுத உட்காரும்போது அந்தப் பழக்கம் கையைப் பிடித்திழுத்து, விழவேண்டிய நூனை விழவிடாது என்பதைத்தான் எச்சரிக்கையாகச் சொல்லவேண்டும்.

கடைசியாக ஒன்று. ஏக்கச் சொல்லாகிய ‘லைத’, தன்னை அடுத்த வினையைத் தொடாவிட்டாலும், அதன் விளைவைச் சொல்ல ‘ஃப’ என்ற எழுத்தோடு மற்றொரு வினை வருமானால், அந்த இரண்டாவது வினைக்கு நஸ்பு கிடைக்கும். அன்னிஸா 73ஆம் வசனத்தில், நான் அவர்களோடு இருந்திருக்கலாகாதா, அப்போது வெற்றி பெற்றிருப்பேனே என்பவனின் வாயில் வரும் ‘ஃபஅஃபூஸ’ இதற்கு உதாரணம். வெளியில் தெரியாத ஓர் ‘அன்’ அங்கே மறைந்திருக்கிறது என்பது பஸரா அறிஞர்களின் விளக்கம். ‘லஅல்ல’வுக்கும் இந்தச் சலுகை உண்டா என்பதில்தான் வழக்கு. பஸராவார் இல்லை என்றனர். கூஃபாவார் உண்டு என்றனர். ஃகாஃபிர் அத்தியாயத்தின் 37ஆம் வசனத்தில், உயர்ந்த மாளிகை கட்டு, வழிகளை நான் எட்டிவிடலாம், மூஸாவின் இறைவனை எட்டிப் பார்க்கலாம் என்று ஃபிர்அவ்ன் ஹாமானிடம் சொல்லுமிடத்தில், ஏழு காரீகளின் ஓதல்களுள் ஹஃப்ஸின் அறிவிப்பு மட்டும் ‘ஃபஅத்தலிஅ’ என்று ஃபத்ஹாவோடு நிற்கிறது, மற்றவை ரஃப்உ. கூஃபாவார் அதைத் தங்கள் கட்சிக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். பஸராவாரோ, அந்த நஸ்பு ‘லஅல்ல’வுக்கு உரியதன்று, ‘கட்டு’ என்ற கட்டளைக்கு விடையாக வந்தது என்று விளக்கிவிட்டார்கள். ஃபிர்அவ்னின் எதிர்பார்ப்பு நடவாத காரியத்தைப் பற்றியது, ஆகவே அது எதிர்பார்ப்பன்று, ஏக்கமே. ஏக்கத்துக்குரிய நஸ்பு அதற்குக் கிடைத்தது என்பது மூன்றாவது கட்சி. நான் இந்த மூன்றாம் கட்சியின் பக்கமே சாய்கிறேன். வேறு அபிப்பிராயம் உடைய ஆலிம்கள் இவ்வவையில் இருப்பார்கள், அவர்கள் எழுந்து தங்கள் காரணத்தைச் சொல்லக் கேட்க ஆவலாயிருக்கிறேன்.